மிளகுக்கொடி விளக்கு

றெஜினோல்ட் கை நீட்டுகிற ஆள் என்பது கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவைப் பித்தளைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டறையில் வேலை பிசகினால் முதலில் ஏச்சு வராது, கையில் இருப்பது பறந்து வரும். அது அரமாக இருக்கலாம், மரச் சுத்தியலாக இருக்கலாம். ஒருநாள் அது உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த குறடாக இருந்தது. அது பட்டது அவருடைய சொந்த அக்கா மகன் றொட்னியின் கழுத்தில்.

அந்தத் தழும்பு ஆறுவதற்குள் றொட்னி மாமாவின் பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டான். கட்டுகஸ்தோட்டை தாண்டிக் கலகெதரப் பாதையில், பழைய டயர்க்கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தான். முன்பக்கம் இழுத்து மூடுகிற இரும்புக் கதவு, அதற்குள் பட்டறை, பின்னால் ஜன்னல் ஒன்று மட்டும் உள்ள சின்ன அறை. அந்தப் பின்னறையைத் தனக்குத் தரும்படி கேட்டவள் அவனுடைய தங்கை ஷாமலா.

ஷாமலா படம் எடுப்பவள். கலியாணவீடு, கோயிலில் பிள்ளைகளின் முதல்நன்மை என்று ஓடித் திரிந்த பிறகு, இரண்டு வருடமாகக் கடைகளுக்காகப் பொருட்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சேலை, கேக், தோல்பை எல்லாம் எடுத்தாகிவிட்டது. பித்தளைதான் அவளைப் படுத்திய பொருள். மெருகேற்றிய பித்தளை கண்ணாடி மாதிரி. முன்னால் நிற்கும் அத்தனையையும் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். விளக்கைப் படம் பிடிக்கப் போனால் கதவு, ஜன்னல், கமரா, கமராவுக்குப் பின்னால் கண்ணை இடுக்கி நிற்கும் தன் முகம் என்று எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

றொட்னி தனியாகச் செய்த முதல் விளக்கை அவள் அப்படித்தான் எடுத்தாள். அதன் பீடத்தைச் சுற்றி அவன் மிளகுக்கொடி வெட்டியிருந்தான். இலைக்கு நரம்பு, கொடிக்குக் கணு, ஒவ்வொரு மிளகுக்கும் உருண்டை முனையுள்ள ஊசியால் ஒரு தட்டு. பிலிமத்தலாவையில் தாமரையும் அன்னமும்தான் எல்லோரும் வெட்டுவார்கள். மிளகுக்கொடி யாரிடமும் இல்லை. ஷாமலா அவசரத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அவனுடைய முகநூல் பக்கத்தில் போட்டாள். பீடத்தின் வளைவில் தான் சிறுத்துத் தெரிவதைப் பிறகுதான் கண்டாள். திரும்ப எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் விளக்கு விற்றுப்போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து அக்குறணை லாபிர் ஹாஜியாரிடமிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளுக்குக் கைவினைப் பொருட்கள் ஏற்றுமதி செய்கிறவர் அவர். அண்ணனும் தங்கையும் போய் உட்கார்ந்ததும், போனைத் திருப்பிக் காட்டினார். ஷாமலா எடுத்த அதே படம். கீழே றெஜினோல்டின் கடைப் பெயர், இது எங்கள் பட்டறையின் புதிய வேலைப்பாடு என்ற வரியோடு. றெஜினோல்ட் நேரில் வந்து, இந்தக் கொடி தன்னுடையது, மருமகன் தன்னைப் பார்த்து வெட்டுகிறான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பொய் சொல்ல வாணாம் மகள்," என்றார் லாபிர். "இது யாருட வேல?"

றொட்னியின் கை கழுத்துத் தழும்புக்குப் போனது. மாமாவின் பெயர் வந்தால் அது தானாகவே அங்கே போகும். ஷாமலா போனை வாங்கி, படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாள். பீடத்தின் வளைவில், மிளகுக்கொடிக்கு மேலே, முழங்கையைத் தூக்கிக்கொண்டு கமராவோடு ஒரு பெண். பக்கத்தில் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் றொட்னி. அவர்களுக்குப் பின்னால் டயர்க்கடையின் ஜன்னல் கம்பிகூடத் தெரிந்தது.

லாபிர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அங்கேயே ஓடரைத் தந்தார்: கைவிளக்கு, தொங்கு விளக்கு, குத்துவிளக்கு என்று மிளகுக்கொடி போட்ட முழு வரிசை. ஆனால் செய்வதற்கு முன்பே கடைக்காரர்களுக்குக் காட்டப் படம் வேண்டும். சுடர் எரிகிற மாதிரி, செதுக்கின கோடு ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கிற மாதிரி. றொட்னி மாதிரிக்கு ஒவ்வொன்று செய்து முடித்ததும் எடுத்துத் தருவதாக ஷாமலா ஒத்துக்கொண்டாள்.

லாபிர் நல்ல மனுசன். ஆனால் சிரிப்பை அடக்கி வைக்கத் தெரியாதவர். திருடின படத்துக்குள்ளேயே சொந்தக்காரி நின்றுகொண்டு எட்டிப் பார்த்த கதை அக்குறணையிலிருந்து பிலிமத்தலாவைக்குப் போய்ச் சேர அதிக நாள் எடுக்கவில்லை. தேநீர்க்கடையில் றெஜினோல்ட் நுழைந்தால் யாராவது ஒருவன் பிளேன்டீக் கிளாஸை உயர்த்திப் பிடித்து, உள்ளே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பான். ஒருவனை அவர் அங்கேயே கன்னத்தில் அறைந்தார். அதற்குப் பிறகு முகத்துக்கு நேரே சிரிப்பதை நிறுத்திவிட்டு முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

றொட்னி, ஷாமலாவின் அம்மா கத்தரீனாவுக்கு றெஜினோல்ட் கைக்குழந்தையாகத் தோளில் கிடந்த தம்பி. தாய் இல்லாமல் வளர்ந்தவன் என்று இன்றைக்கும் அவனுக்காகப் பரிந்து பேசுவாள். தம்பி போன் எடுத்துப் பிள்ளைகளை உயிரோடு விடமாட்டேன் என்று கத்தியதை அவள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. கோபத்தில் சொல்கிறான், ஆறிவிடும் என்று நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த தம்பி எப்போதும் அடித்துவிட்டு அழுகிறவன்.

படம் எடுக்கிற நாள் வந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்பே ஷாமலா பின்னறையின் ஜன்னலைத் தடித்த கறுப்புக் கம்பளியால் மூடிவிட்டாள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே இருட்டு. சுடரின் வெளிச்சம் பித்தளையில் விழுவது தெரிய வேண்டுமானால் வேறு வெளிச்சம் அடங்கி இருக்க வேண்டும். மின்விசிறியையும் நிறுத்தினாள், காற்றடித்தால் சுடர் ஆடும், ஆடினால் படத்தில் பஞ்சு மாதிரி ஊதிப்போகும்.

மேசையில் விளக்கு வைக்கிற இடத்தைச் சுற்றி வெள்ளைத் துணியால் கூடாரம் போல் கட்டினாள். பித்தளை இனி எதைப் பார்த்தாலும் வெள்ளையைத்தான் பார்க்க வேண்டும். கமராவின் மூக்கு நுழைய மட்டும் ஒரு துவாரம். துணிக்கு வெளியே பக்கவாட்டில், தாழ்வாக ஒரு சின்ன மின்விளக்கு. வெளிச்சம் நேராக அடித்தால் செதுக்கல் தட்டையாகிவிடும். சாய்ந்து வந்து பட்டால்தான் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் நிழல் விழுந்து கொடி எழுந்து நிற்கும். விளிம்பு வெள்ளையில் கரையாமல் இருக்க, இரண்டு பக்கமும் மெல்லிய கறுப்பு அட்டை நிறுத்தினாள்.

முன்பக்கத்தில் றொட்னி மோட்டாரில் துணிச்சக்கரத்தைப் பூட்டி, மெருகுக் கட்டியைத் தேய்த்து, கடைசிக் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். சக்கரம் நின்ற பிறகு, கோடுகளுக்குள் கறுப்பை ஏற்றி மேலே துடைத்தான். பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கியது. மிஞ்சின பிசுக்கைத் தின்னர் நனைத்த துணியால் எடுத்தான். தின்னர் டின் பின்னறை வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஷாமலாவின் சட்டம். ஆவி காய்ந்து, வாடை போன பிறகுதான் விளக்கு உள்ளே வரும். அவள் பருத்திக் கையுறை போட்டு வாங்குவாள். மெருகின் மேல் விரல் பட்டால் ரேகை அப்படியே படத்தில் நிற்கும்.

கைவிளக்கு அழகாக வந்திருந்தது. உள்ளங்கை அளவுத் தகழி, பின்னால் வளைந்த பிடி, பிடியில் ஏறித் தகழியின் விளிம்பைச் சுற்றி ஓடுகிற மிளகுக்கொடி. தேங்காய் எண்ணெய் ஊற்றி, திரியை நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரிக் கத்தரித்துக் கொளுத்தினாள். திரி நீண்டால் புகையும், புகைந்தால் மெருகில் கரி படியும். சுடர் நிமிர்ந்து நின்றதும் விளிம்பில் இருந்த மிளகெல்லாம் ஒவ்வொன்றாகத் தீப்பிடித்த மாதிரி மின்னின. முதலில் சுடருக்காக ஒரு படம், வேகமாக. அடுத்தது விளக்குக்காக, மெதுவாக. பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். தொடாமல் அமுக்குகிற ரிமோட்டைக் கையில் பிடித்து, மூச்சை அடக்கி அமுக்கினாள்.

அப்போது முன்கதவு இடி விழுந்த மாதிரி கீழே இறங்குகிற சத்தம் கேட்டது.

றொட்னிதான் இழுத்து மூடுகிறான் என்று முதலில் நினைத்தாள். அடுத்து எதுவோ சரிந்து, பித்தளை சீமெந்துத் தரையில் உருண்டு கணகணவென்று அடித்தது. பிறகு மாமாவின் குரல். அது கத்தவில்லை. அதுதான் அவளைக் குளிரவைத்தது.

"பாத்து வெட்டுறவன் யாருனு இப்ப தெரிஞ்சிக்குவோம்டா."

கதவை மூடியதால் முன்பக்கமும் இருட்டாகியிருந்தது. ஷாமலா கூடாரத்துக்குள் கையை விட்டு எரிகிற கைவிளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அதைத் தவிர வேறு வெளிச்சம் அவளுக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

அந்தச் சின்ன வெளிச்சத்தில் கண்டதைப் பின்னாளில் அவள் பொலிஸிலும் நீதிமன்றத்திலும் சொன்னாள். மாமாவோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் கறுப்பையா, மாமாவின் பட்டறையில் மெருகு போடுகிறவன், றொட்னியோடு ஒன்றாகச் சோறு தின்றவன். மற்றவன் கழுத்தே இல்லாத ஒரு தடியன், அவள் முன்பின் கண்டிராதவன். குத்துவிளக்கின் தண்டு வளைந்து கிடந்தது. தொங்கு விளக்கைத் தடியன் சப்பாத்துக் காலால் மிதித்து நசுக்கிக்கொண்டிருந்தான். றொட்னியின் உதடு கிழிந்து பெனியனெல்லாம் இரத்தம். மாமா அவனுடைய தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினார். ஒருமுறை. இன்னொருமுறை. பல் உடைகிற சத்தம் ஷாமலாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

அவள் பாய்ந்து மாமாவின் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தடியன் அவளுடைய தோளைப் பிடித்துத் தள்ளினான். சுவரில் போய் மோதினாள். எண்ணெய் மணிக்கட்டில் சிந்திச் சுட்டது. விளக்கைக் கைவிடவில்லை, சுடரும் அணையவில்லை.

றொட்னி அடி வாங்கிப் பழகியவன். ஆனால் அன்றைக்கு முதல் தடவையாகத் திருப்பி அடித்தான். குனிந்தபடியே காலை உதைத்தான். உதை மாமாவுக்குப் படவில்லை, அவர் பக்கத்து மேசைக்குப் பட்டது. மேசை கவிழ்ந்து, மூடி திறந்திருந்த தின்னர் டின் மாமாவின் மார்பில் விழுந்து தரைக்கு உருண்டது. சட்டையின் முன்பக்கமும் வலது கையும் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டன. அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஷாமலா தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கி விளக்கைப் பின்னால் கொண்டுபோனாள். அது அவளுடைய வேலைப் பழக்கம். தின்னருக்குப் பக்கத்தில் சுடர் கூடாது.

மாமா அதைக் கவனிக்கவே இல்லை. றொட்னியை இழுத்துக்கொண்டுபோய் இரும்புப் பட்டடைக்கு முன்னால் முழங்காலிட வைத்து, அதில் கிடந்த சுத்தியலை எடுத்தார். கறுப்பையாவிடம் அவனுடைய வலது கையைப் பிடித்து வைக்கச் சொன்னார். கறுப்பையா தயங்கினான். சும்மா வெருட்டத்தானே வந்தோம் என்று முணுமுணுத்தான். மாமா அவனைப் பார்த்த பார்வையில் குனிந்து கையைப் பிடித்தான். தடியன் றொட்னியின் முதுகில் முழங்காலை ஊன்றினான்.

"இந்தக் கை நான் குடுத்தது," என்றார் மாமா. "நானே எடுத்துக்கிறேன்."

சுத்தியல் இறங்கியது. ஆட்டுக்கால் வெட்டுகிற கடையில் கேட்கிற மாதிரி ஒரு ஈரச் சத்தம். றொட்னி போட்ட அலறலில் தகரக்கூரையே அதிர்ந்தது. ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் விரல் என்று சொல்ல எதுவும் இல்லை. கறுப்பையா கண்ணை மூடிக்கொண்டான், பிடியை விடவில்லை.

"விடுங்க மாமா," என்றாள் ஷாமலா. "விடுங்க. எங்கிட்ட நெருப்பு இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். தன் நனைந்த சட்டையையும் பார்த்தார். அவளுடைய கையில் இருந்ததையும் பார்த்தார். அவள் செய்ய மாட்டாள் என்று அவருக்கு நிச்சயம். அவர் முகத்தில் வந்தது சிரிப்புத்தான். திரும்பிச் சுத்தியலை இன்னும் உயரமாக ஓங்கினார். நடுவிரலும் மோதிரவிரலும் இன்னும் பட்டடையின் மேல் முழுசாக நீண்டு கிடந்தன.

ஷாமலா எறிந்தாள்.

கைவிளக்கு சுழன்றுபோய் அவருடைய கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் பட்டது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. அடுத்த கணம் காற்றே தீப்பிடித்த மாதிரி ஒரு ஊதல். அவருடைய மார்பு, கை, காது, தலைமயிர் எல்லாம் ஒரேயடியாக நீலமும் மஞ்சளுமாக எழுந்தது. தரையில் சிந்திக் கிடந்ததும் பற்றிக்கொண்டு தடியனின் கால்வரை ஓடியது. சுத்தியல் பட்டடைக்குப் பக்கத்தில் விழுந்தது. தடியன் தத்தளித்துக் கதவைத் தூக்கினான். வெயில் உள்ளே அடித்தது. அவன் அந்த வெயிலுக்குள் ஓடிப்போனான். கறுப்பையா றொட்னியை அக்குளில் பிடித்துப் பாதைக்கு இழுத்தான். அதை மட்டும் அவன் செய்தான் என்பதை ஷாமலா எப்போதும் சேர்த்துச் சொல்வாள்.

மாமா எரிந்துகொண்டே சுற்றிச் சுற்றி நடந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஷாமலா பின்னறைக்கு ஓடினாள். தண்ணீர் அல்ல, மூடத்தான் வேண்டும் என்பது அவளுடைய மூளைக்கு எட்டவில்லை, கைக்கு எட்டியது. ஜன்னலில் ஆணியடித்திருந்த கம்பளியைப் பிய்த்து எடுத்து வந்து அவர் மேல் போர்த்தி, காலை இடறி விழுத்தி, மேலே விழுந்து அமுக்கினாள். கம்பளிக்குக் கீழே அவர் துடித்தார். உள்ளங்கை வெந்து தோல் உரிவது தெரிந்தும் அவள் கையை எடுக்கவில்லை. துடிப்பு அடங்கிப் புகை மட்டும் வரும்வரை அப்படியே கிடந்தாள்.

பக்கத்துக் கடைக்காரர்கள் மண் வாளியோடு ஓடி வந்தார்கள். யாரோ அம்பியுலன்ஸுக்கு அடித்தார்கள். மாமாவின் ஒரு கண் மட்டும் கம்பளிக்கு வெளியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கோபம் இருந்ததா, வேறெதுவும் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் மருமகனையும் மாமாவையும் வேறு வேறு வாட்டுகளில் போட்டார்கள். றொட்னியின் ஆள்காட்டி விரலை அடியோடு எடுக்க வேண்டியதாயிற்று. முன்பற்கள் மூன்று போயின. மற்ற விரல்கள் பிழைத்தன. றெஜினோல்டின் வலப்பக்கம் கன்னத்திலிருந்து முழங்கைவரை வெந்திருந்தது. காது உருகி ஒட்டியிருந்தது. பிழைப்பார், ஆனால் நாளெடுக்கும் என்றார்கள். ஷாமலாவுக்கு இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

கத்தரீனா இரண்டு வாட்டுக்கும் நடுவில் இருந்த மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பார்வை நேரத்தில் பாதியை மகனிடமும் பாதியைத் தம்பியிடமும் கழித்தாள். தம்பிக்கு வாயில் கரண்டியால் கஞ்சி ஊட்டிவிட்டு வந்து, அதே கரண்டியைக் கழுவி மகனுக்கு ஊட்டினாள். றொட்னி வாயைத் திறக்க மறுத்த நாளில் அவள் கோபிக்கவில்லை. கஞ்சியைப் படியில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாமா எப்படியிருக்கிறார் என்று ஷாமலா அம்மாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் இரவு படுத்தால் அந்த ஊதல் சத்தம் கேட்டது. கம்பளிக்குக் கீழே துடித்த உடம்பு கைக்குள்ளேயே இருந்தது. அவர் செத்திருக்க வேண்டும் என்று ஒரு நேரம் நினைத்தாள். ஐயோ, சாகாமல் இருக்க வேண்டும் என்று இன்னொரு நேரம் ஜெபமாலையை எடுத்தாள். இரண்டும் உண்மையாகவே அவளுக்குள் இருந்தன.

முதல் வாரம் பொலிஸ் வந்தபோது மாமாவால் பேச முடியவில்லை, றொட்னி மயக்கத்தில் இருந்தான், கட்டுப் போட்ட கைகளால் ஷாமலாவுக்குக் கையெழுத்து வைக்க முடியவில்லை. முழு வாக்குமூலம் பிறகு எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த இடைவெளியில் அம்மா ஒரு செய்தியைக் கொண்டு வந்தாள்.

வீட்டில் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து, ஷாமலாவின் கைக்கட்டை மாற்றிக்கொண்டே சொன்னாள். தம்பி ஒரு வக்கீலோடு பேசியிருக்கிறான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சொன்னால் யாருக்கும் வழக்கில்லை. குடும்பத்துக்குள் பேச்சு முற்றிக் கைகலப்பு வந்தது; மெருகு மோட்டாரில் றொட்னியின் கை மாட்டிக்கொண்டது; பதற்றத்தில் விளக்கு தட்டுப்பட்டு விழுந்து தின்னர் பிடித்தது. கறுப்பையாவும் அப்படியே சொல்வான்.

"அண்ணன் என்னா சொன்னான்?" என்று கேட்டாள் ஷாமலா.

றொட்னி சரி என்று சொல்லிவிட்டான். சண்டை போட அவனிடம் இனி எதுவும் இல்லை. தங்கச்சி ஜெயிலுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றிருக்கிறான்.

போன விரலை அவன் இப்போது தனக்காக இன்னொரு தடவை கொடுக்கிறான் என்று ஷாமலாவுக்குப் பட்டது. அம்மா கட்டின் முடிச்சை மெதுவாக இறுக்கினாள்.

"அம்மா, மோட்டாருல துணிச்சக்கரம்தான் இருந்துச்சு," என்றாள் ஷாமலா. "துணி விரல நசுக்குமா?"

"யாரு அதெல்லாம் பாக்கப் போறா?"

"நா பாப்பேனே."

கத்தரீனா எழுந்து அடுப்பைப் பார்த்து நின்றாள். பிறகு திரும்பாமலே சொன்னாள். "நீ தெரிஞ்சிதான் எறிஞ்சியா, ஷாமி? அத மட்டும் எனக்குச் சொல்லு."

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வாடை அடித்ததும் பின்வாங்கிய அந்த ஓரடி நினைவுக்கு வந்தது.

"தெரிஞ்சிதாம்மா," என்றாள். "வாடை அடிச்சிச்சு. பிடிக்கும்னு தெரியும். அவரு ரெண்டாவது தடவ ஓங்கினாரு. எறிஞ்சேன்."

அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனாள்.

அடுத்த நாள் ஷாமலா தனியாகக் கட்டுகஸ்தோட்டைப் பொலிஸுக்குப் போனாள். தமிழ் தெரிந்த ஒரு பெண் பொலிஸ் இருந்தாள், தினுஷா என்று பெயர். அவளிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்: படத்தைத் திருடியதிலிருந்து, சுத்தியல் இறங்கியது, தான் எறிந்தது வரை. தெரியாமல் கையிலிருந்து நழுவியது என்று எழுதட்டுமா என்று தினுஷா இரண்டு தடவை கேட்டாள். அது இரக்கத்தில் கேட்டது என்று ஷாமலாவுக்குப் புரிந்தது. இல்லை, எறிந்தேன் என்றே எழுதுங்கள் என்றாள். அவர் ஓங்கிய சுத்தியலை மோட்டார் ஆக்க மாட்டேன், நான் எறிந்ததையும் நழுவியது ஆக்க மாட்டேன். ஒன்றை மறைத்தால் மற்றதும் மறைந்துபோகும் என்றாள். சிங்களத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கட்டுப் போட்ட கையால் கோணல்மாணலாகக் கையெழுத்து வைத்தாள். அங்கேயே அவளைக் கைதுசெய்து, பின்னேரம் நீதவான் முன்னால் கொண்டுபோய்ப் பிணையில் விட்டார்கள்.

அதைக் கேட்ட றொட்னி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவளை வாய்க்கு வந்தபடி ஏசினான். மூன்று பல் போன வாயால் ஏசினதில் பாதி புரியவில்லை. ஏசி முடித்துவிட்டு, பொலிஸை வரச் சொல்லித் தானும் உள்ளதைச் சொன்னான். அதன்பிறகு கறுப்பையாவுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று. தான் கையைப் பிடித்து வைத்ததைச் சொல்லிவிட்டு, பொலிஸ் நிலைய வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து அழுதானாம்.

றெஜினோல்டை ஆஸ்பத்திரியிலிருந்தே விளக்கமறியல் சிறைக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு தவணை தவணையாக இழுபட்டு, கடைசியில் தீர்ப்பு வந்தது. சுத்தியலுக்காக அவருக்கு இரண்டு வருடம் கடூழியம். தடியனைக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஷாமலா அண்ணனைக் காப்பாற்ற வேறு வழி இல்லாமல் செய்தாள், பிறகு அவளே தீயை அணைத்தாள் என்று சொல்லி அவளை விடுதலை செய்தார்கள். தீர்ப்பு வாசித்தபோது கத்தரீனா பின்வரிசைப் பலகையில் இருந்தாள். தம்பியைக் கூட்டிப் போகையில் எழுந்து அவரோடு வாசல்வரை நடந்தாள். வெந்து சுருங்கின அந்தக் கன்னத்தைத் தொட்டாள். பிறகு திரும்பி வந்து மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மத்திய சந்தைவரை நடந்து பஸ் ஏறினார்கள்.

லாபிர் ஹாஜியார் ஓடரை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. தன் வாய்தான் இத்தனைக்கும் காரணம் என்று அவர் நோன்புக் காலத்தில் வீட்டுக்கு வந்து, கத்தரீனாவுக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நோன்பு திறக்கிற நேரம் வந்ததும் அவள் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

றொட்னி சிற்றுளியை நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பிடிக்கப் பழகிக்கொண்டான். கோடு முன்னைவிடத் தடித்து வந்தது. இலையின் நரம்பு கொஞ்சம் பிசகியது. அதை மறைக்க அவன் முயலவில்லை. புது வரிசை முடிந்ததும் ஷாமலாவிடம் ஒரு கைவிளக்கைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் கையுறை போட்டு வாங்கினாள். கரி படிந்த பின்னறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஜன்னலுக்குப் புதுக் கம்பளி.

கூடாரம் கட்டி, விளக்கை வைத்து, எண்ணெய் ஊற்றி, திரியைக் கத்தரித்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது பற்றியதும் அந்த ஊதல் காதுக்குள் கேட்க, பதறி ஊதி அணைத்துவிட்டாள். வாசலில் நின்ற றொட்னி உள்ளே வரவில்லை, தான் கொளுத்துகிறேன் என்றும் சொல்லவில்லை. முன்பக்கம் போய்த் தின்னர் டின்னை இறுக்கி மூடி, அதைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, வைத்தாயிற்று என்றான்.

ஷாமலா மூன்றாவது குச்சியை உரசித் திரியில் வைத்தாள். சுடர் தள்ளாடி, நிமிர்ந்து நின்றது. தடித்த கோடுகளுக்குள் நிழல் இறங்கியது. அவள் கமராவுக்குப் பின்னால் போய்க் கண்ணை வைத்தாள்.

"பின்னால தள்ளி நில்லுண்ணே," என்றாள். "காத்து வருது."